தேர்வுத்தாளின் போட்டோவில் வரும் "உன் கருத்து என்ன?" கேள்விக்குப் பதில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று மத்தியானத்திலிருந்தே தில்லியில் இருக்கும் தமிழ் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் வினாத்தாள் போட்டோக்கள் வரிசையாக விழ ஆரம்பித்துவிடும். மயூர் விஹாரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதால் எனக்கும் வரும். கணக்கும் அறிவியலும் பிரச்சினையில்லை, யாராவது ஒருவர் விடையைப் போட்டுவிடுவார். சமூக அறிவியல் தாளில் "இதை ஏற்கிறாயா? காரணம் கூறு" என்று ஒரு ஐந்து மார்க் கேள்வி இருக்கும் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் தொடாமல் விட்டுவிடுவார்கள். "அது அவங்கவங்க கருத்துதானே, எதை எழுதினாலும் மார்க் போடுவாங்க" என்று ஒரு அப்பா எழுதுவார். எதை எழுதினாலும் மார்க் போட்டுவிட மாட்டார்கள், காரணத்தோடு எழுதினால்தான் போடுவார்கள்.

அப்படி ஒரு போட்டோ உங்கள் போனுக்கு வந்தால், அதிலிருந்து கேள்வியைச் சரியாக எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, கேட்ட அளவுக்குள் ஒரு விடை எழுதிக்காட்டுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போகிறேன். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகள் அதைத்தான் எழுதுகிறார்கள்.

முதலில் போட்டோ

போட்டோ வந்ததும் பார்க்க வேண்டியது அது அனுப்பப்பட்ட நேரம். தேர்வு முடிந்துவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போர்டு தேர்வில் காலை 10:15க்குத் தாள் கையில் தருகிறார்கள், 10:30க்கு எழுத ஆரம்பிக்கிறார்கள். பதினொன்றே காலுக்கு ஒரு போட்டோ வந்து "மாமா, இதுக்குச் சீக்கிரம் பதில் சொல்லுங்க" என்றால் அதற்கு நீங்கள் பதில் எழுதக் கூடாது, அவ்வளவுதான். முடிந்துபோன தாள், மாதிரித் தாள், வீட்டுப்பாடமாகக் கொடுத்த பழைய தாள் என்றால் தொடரலாம்.

அடுத்து, கேள்வி மட்டும் தெரியும்படி வெட்டி அனுப்பிய போட்டோவை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகள் கேள்வியை மட்டும் பெரிதாக்கி எடுப்பார்கள், வலது ஓரத்தில் இருக்கும் மார்க் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். இந்த வகைக் கேள்விக்கு மார்க்தான் பாதி கேள்வி. "பெரிய அணைகள் தேவையா?" என்பதற்கு இரண்டு மார்க் விடையும் ஐந்து மார்க் விடையும் நீளத்தில் மட்டும் வேறுபடுவதில்லை, இரண்டுக்கும் அமைப்பே வேறு.

ஆகவே இரண்டு பக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கேள்வி இருக்கும் முழுப்பக்கம். இன்னொன்று, தாளின் முதல் பக்கம், அதாவது பொதுவான அறிவுரைகள் அச்சிட்டிருக்கும் பக்கம். எந்த வகைக் கேள்விக்கு எத்தனை சொற்கள் என்பது அங்கேதான் இருக்கும், கேள்விக்குப் பக்கத்தில் இருக்காது. சமூக அறிவியலில் இப்போதைய வழக்கம் இரண்டு மார்க்குக்கு 40 சொற்களுக்குள், மூன்று மார்க்குக்கு 60க்குள், ஐந்து மார்க்குக்கு 120க்குள். பள்ளிகள் தாங்களே தயாரிக்கும் தாளில் இது மாறலாம், அதனால்தான் முதல் பக்கத்தைக் கேட்கச் சொல்கிறேன்.

எழுத்து மங்கலாக இருந்தால் யூகிக்க வேண்டாம். ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து, ஒரு பக்கத்துக்கு ஒரு போட்டோ என்று மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் எழுத்து உடையாமல் வரும். போர்டு தாள்களில் ஒரே கேள்வி இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஆங்கில வரி மடிப்பில் மாட்டிக்கொண்டால் இந்தி வரியைப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம், தில்லியில் வளரும் பிள்ளைக்கு அது உங்களைவிட வேகமாக வரும், அவனையே படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், கேள்விக்குக் கீழே "அல்லது" என்று இன்னொரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்பது போட்டோவில் தெரியாமல், இரண்டையும் ஒரே கேள்வியாகக் கலந்து விடை எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வியைப் பிரிப்பது

நாம் எடுத்துக்கொள்ளப்போகும் கேள்வி இது:

"பெரிய அணைகள் நாட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாதவை." இந்தக் கூற்றை நீ ஏற்கிறாயா? தக்க காரணங்களுடன் உன் கருத்தை நிறுவுக. (5 மார்க்)

நீர்வளங்கள் பாடத்திலிருந்து வருவது. பாடம் படித்த பிள்ளை இதைப் பார்த்ததும் என்ன செய்யும் என்றால், பல்நோக்கு நதித் திட்டங்களின் பயன்கள் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பதை அப்படியே இறக்கும்: பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு, குடிநீர், மீன் வளர்ப்பு. ஐந்து பயன், ஐந்து மார்க். ஆனால் கேள்வி பயன்களைக் கேட்கவே இல்லை.

இந்த மாதிரிக் கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கும். ஒரு கூற்று, அதன்மேல் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்ற கட்டளை, பிறகு அளவு. கூற்றை எடுங்கள். அதில் முழுக் கனத்தையும் தாங்குவது "இன்றியமையாதவை". அணை நல்லதா கெட்டதா என்பது கேள்வியில்லை, அணை இல்லாமல் முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி. அணையால் பயன் உண்டு என்று பத்து வரி எழுதினாலும், வேறு வழியில் அந்தப் பயனை அடைய முடியுமா என்று ஒரு வரிகூட இல்லையென்றால் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இப்படி ஒரு கனமான சொல் பெரும்பாலும் எல்லாக் கருத்துக் கேள்வியிலும் இருக்கும்: "மட்டுமே", "எப்போதும்", "முக்கியக் காரணம்", "போதுமானது". போட்டோவில் அதைப் பெரிதாக்கி வட்டம் போட்டுப் பிள்ளைக்குத் திருப்பி அனுப்புங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கட்டளை "ஏற்கிறாயா, காரணங்களுடன் நிறுவுக". அதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டும். "ஆராய்க" என்று இருந்தால் இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய சமமாக எடுத்துவைக்கலாம். "ஏற்கிறாயா" என்று கேட்டுவிட்டு ஆம் இல்லை சொல்லாமல் இரண்டு பக்கமும் பேசிவிட்டுப் போனால் அது பதில் ஆகாது.

எந்தப் பக்கம் நின்றால் மார்க் அதிகம் என்று பெற்றோர் கேட்பார்கள். சி.பி.எஸ்.இ. தன் இணையதளத்தில் விடைக் குறிப்புகளை வெளியிடுகிறது, எடுத்துப் பாருங்கள். இந்த வகைக் கேள்விக்குச் சில கருத்துகளைக் கொடுத்துவிட்டு, பொருத்தமான வேறு எந்தக் கருத்தும் ஏற்கப்படும் என்று போட்டிருப்பார்கள். திருத்துபவர்களுக்கான பொது அறிவுரையிலும், புதிய தகவலின் அடிப்படையிலோ புதுமையாகவோ எழுதிய விடை குறிப்பில் இல்லாவிட்டாலும் அது சரியா என்று பார்த்து உரிய மார்க் தர வேண்டும் என்றே இருக்கிறது. எனவே எந்தப் பக்கமும் நிற்கலாம். காரணம் இல்லாமல் மட்டும் நிற்கக் கூடாது.

சேர்ப்பது: கடைசிப் பக்கத்தில் இரண்டு நிமிடம்

மூன்று மணி நேரத்தில் 80 மார்க் என்றால் ஒரு மார்க்குக்கு இரண்டேகால் நிமிடம், ஐந்து மார்க்குக்குப் பதினோரு நிமிடம். திருப்பிப் பார்க்க நேரம் ஒதுக்கினால் பத்து. அதில் முதல் இரண்டு நிமிடத்தை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எழுதுவதற்குச் செலவழிக்கலாம், அது வீண் இல்லை.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வையுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் ஊர் பெயரோ ஆற்றின் பெயரோ இருக்க வேண்டும். "அணை பாசனத்துக்கு உதவுகிறது" என்று எழுதக் கூடாது. சட்லெஜ் ஆற்றின் பக்ரா நங்கல், பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் என்று எழுத வேண்டும். "மக்கள் இடம்பெயர்கிறார்கள்" என்று எழுதக் கூடாது. தெஹ்ரி அணையில் பழைய தெஹ்ரி நகரமே மூழ்கியது, நர்மதைப் பள்ளத்தாக்கில் சர்தார் சரோவர் அணையை எதிர்த்து நர்மதா பச்சாவோ ஆந்தோலன் போராடியது என்று எழுத வேண்டும். பெயர் வந்ததும் அது கருத்து என்ற நிலையிலிருந்து காரணம் என்ற நிலைக்குப் போய்விடும். பெயர் போட முடியாத கருத்தை அடித்துவிடலாம், அது எப்படியும் பொதுப்பேச்சாகத்தான் இருக்கும்.

தில்லிப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியில் ஒரு வசதி உண்டு. நம் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பகுதி பக்ராவில் தேக்கியது, ஒரு பகுதி தெஹ்ரி வழியாக வரும் கங்கைத் தண்ணீர், மீதி யமுனையும் நிலத்தடி நீரும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனவர்களுக்கு மேட்டூர் தெரியும், 1934இல் முடிந்த அணை, காவிரி டெல்டாவின் சாகுபடி அது எப்போது திறக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இருக்கிறது. சொந்தமாகத் தெரிந்த உதாரணத்தைப் பயன்படுத்தலாமா என்று பிள்ளைகள் தயங்குவார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தெரியாததை இட்டுக்கட்டி எழுதக் கூடாது. 2023 ஜூலையில் யமுனை பெருகித் தில்லிக்குள் வந்ததை நினைவு வைத்துக்கொண்டு ஒரு பையன் "ஹத்னிகுண்ட் அணை உடைந்ததால் தில்லி மூழ்கியது" என்று எழுதியிருந்தான். உடையவில்லை, அது பெரிய அணையும் இல்லை. ஹத்னிகுண்ட் ஒரு தடுப்பணை, நீரைக் கால்வாயில் திருப்பும், பெருவெள்ளத்தைத் தேக்கிவைக்க அதில் இடம் கிடையாது. சரியாக எழுதியிருந்தால் இதுவே அவனுக்கு நல்ல காரணமாகியிருக்கும்: தேக்க இடமில்லாத இடத்தில் வெள்ளம் எப்படி வந்து சேர்கிறது என்று காட்டியிருக்கலாம். அரைகுறையாக நினைவிருக்கும் செய்தியைவிடப் பாடநூலில் உறுதியாகத் தெரிந்த உதாரணமே மேல்.

எதிர்ப்பக்கத்தில் என்ன சேரும்? இடம்பெயர்வு ஒன்று. வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுவது இன்னொன்று, அதனால் கீழே ஆறு கல்லும் பாறையுமாகிறது, மீன்கள் மேலும் கீழும் போக முடிவதில்லை. அப்புறம் "இன்றியமையாதவை" என்ற சொல்லுக்கு நேராகப் பதில் சொல்லும் கருத்து ஒன்று வேண்டும், அதாவது வேறு வழி. பாடத்திலேயே இருக்கிறது: கூரை மழைநீர் சேகரிப்பு, அதை எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கிய தமிழ்நாடு. நம் ஊர்க்காரப் பிள்ளை இதை விடுவது நியாயமா?

எடைபோடுவது

இங்கேதான் பெரும்பாலான விடைகள் நின்றுவிடுகின்றன. மூன்று நன்மை, இரண்டு தீமை, பிறகு "எனவே அணைகளில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்று முடிப்பது. நடுநிலை என்றால் இதுதான் என்று பள்ளியிலேயே யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நடுநிலை ஆகாது. இரண்டில் எது கனம், ஏன் கனம் என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். விடையில் கருத்து என்பது அந்த ஒரு வாக்கியம்தான், மற்றதெல்லாம் தகவல்.

அந்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்பேன். நன்மை யாருக்குப் போகிறது, இழப்பு யாருக்கு வருகிறது? அணை விஷயத்தில் இரண்டும் வேறு வேறு ஆட்கள். தெஹ்ரியில் வீடு போனவர் ஒருவர், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் தில்லியில் இருக்கும் நாம். அடுத்த கேள்வி, இழப்பைத் திருப்பித் தர முடியுமா? நிலத்துக்கு நிலம், வீட்டுக்கு வீடு தர முடியும், பணம் செலவாகும், ஆனால் முடியும். மூழ்கிய ஊரை, செத்துப்போன ஆற்றின் ஓட்டத்தைத் திருப்பித் தருவது அவ்வளவு எளிது இல்லை. இந்த இரண்டு கேள்விக்கும் பிள்ளை வாய்மொழியாகத் தமிழில் பதில் சொல்லட்டும், ஆங்கிலம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்லி முடிக்கும்போது தன் முடிவு என்ன என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

முடிவு பெரும்பாலும் நிபந்தனையோடு வரும்: "இப்படி இருந்தால் ஏற்கிறேன்". பயந்து பின்வாங்குவது என்று இதை நினைக்க வேண்டாம். ஆனால் நிபந்தனை குறிப்பாக இருக்க வேண்டும். "சரியாகத் திட்டமிட்டால்" என்பது நிபந்தனை இல்லை, எதற்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். "மறுவாழ்வு முடிந்த பிறகே நீர் தேக்க வேண்டும்" என்பது நிபந்தனை.

எழுதுவது

120 சொல் என்றால் கண்ணுக்கு எவ்வளவு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், தேர்வறையில் யாரும் சொல்லை எண்ணப்போவதில்லை. அவன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் விழுகிறது என்று ஒரு பழைய விடைத்தாளை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒன்பது விழுந்தால் 120 சொல் பதின்மூன்று வரி. அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வாக்கியக் கணக்கில் சொன்னால் எட்டு அல்லது ஒன்பது: நிலைப்பாடு ஒன்று, அந்தப் பக்கக் காரணம் மூன்று, எதிர்ப்பக்கம் இரண்டு, எடைபோடுவது ஒன்றிரண்டு, முடிவு ஒன்று. இதில் கூட்டிக் குறைக்கலாம், எடைபோடுவதை மட்டும் பூஜ்யமாக்கக் கூடாது.

நான் எழுதிக் காட்டும் விடை இது:

"இந்தக் கூற்றை ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன். பக்ரா நங்கல் அணை பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் வயல்களுக்குப் பாசனநீர் தருகிறது; மின்சாரமும் தருகிறது. தில்லியின் குடிநீரில் ஒரு பகுதி பக்ராவிலிருந்தும் தெஹ்ரியிலிருந்தும் வருகிறது. மழை சில மாதங்களே பெய்யும் நாட்டில் நீரைத் தேக்கி வைக்க இப்படி ஓர் இடம் தேவை. ஆனால் தெஹ்ரி அணைக்காகப் பழைய தெஹ்ரி நகரமே நீரில் மூழ்கியது; நர்மதைப் பள்ளத்தாக்கில் பல கிராமத்தினர் நிலத்தை இழந்தனர். வண்டல் அணையில் தங்கிவிடுவதால் ஆற்றின் இயல்பும் மீன்வளமும் கெடுகின்றன. பயன் அடைபவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர் என்பதே இதிலுள்ள அநீதி. தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு போன்ற சிறு வழிகள் அணையின் தேவையைக் குறைக்கும், முழுதும் நீக்காது. எனவே வேறு வழி போதாத இடத்தில், மக்களுக்கு முதலில் மறுவாழ்வு அளித்த பின்பே பெரிய அணை கட்ட வேண்டும்."

தமிழில் இது 90 சொல். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும், ஆங்கிலத்தில் போட்டால் இதே விடை 130ஐத் தொட்டுவிடும். ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைக்குத் தமிழில் விடை சொல்லிக் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் தமிழில் 120 சொல் எழுதிக் கொடுத்தால் பிள்ளை தேர்வில் 170 எழுதி, அடுத்த கேள்விக்கு நேரமில்லாமல் உட்கார்ந்திருக்கும். தமிழைப் பாடமாக எடுத்து அந்தத் தாளை எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், அங்கே தாளில் போட்ட எண்ணிக்கையே தமிழ்ச் சொல் எண்ணிக்கை.

130இலிருந்து 120க்கு இறங்க வேண்டும். எதை வெட்டுவது? எனக்குத் தில்லிக் குடிநீர் வாக்கியம்தான் பிடித்தது, ஆனால் அதைத்தான் எடுக்கிறேன். அணையால் தண்ணீர் கிடைக்கிறது என்பதை அதற்கு முந்தைய வாக்கியம் சொல்லிவிட்டது, இது அதே கருத்தின் இரண்டாவது உதாரணம். வண்டலை எடுக்கக் கூடாது, எதிர்ப்பக்கத்தில் சுற்றுச்சூழல் பற்றி இருப்பது அது மட்டும்தான். மழை சில மாதங்களே பெய்யும் என்ற வாக்கியத்தையும் தொடக் கூடாது, ஏன் இன்றியமையாதது என்பதற்கான காரணமே அதில்தான் இருக்கிறது. ஒரு கருத்துக்கு இரண்டு உதாரணம் இருந்தால் ஒன்றை வெட்டு, ஒரே உதாரணமாக இருந்தால் வைத்துக்கொள், இதுதான் என் வழக்கம்.

முன்னுரையையும் கவனித்திருப்பீர்கள், அது கிடையாது. "ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு", "நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர்" என்றெல்லாம் தொடங்கினால் பதினைந்து இருபது சொல் போய்விடும், மார்க் எதுவும் வராது. குறளை விட மனமில்லாதவர்கள் தமிழ்த் தாளில் கட்டுரை எழுதும்போது தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அணைகளை நவீன இந்தியாவின் கோயில்கள் என்று நேரு சொன்னதும் அப்படித்தான், பாதிப் பேர் அதில்தான் தொடங்குவார்கள். அது நேருவின் கருத்து, கேட்டது உன் கருத்து.

அதே கேள்வி மூன்று மார்க்குக்கு வந்தால்:

"நிபந்தனையோடு ஏற்கிறேன். பக்ரா நங்கல் போன்ற அணைகள் பாசனமும் மின்சாரமும் தருகின்றன. மழை சில மாதங்களே பெய்யும் நாட்டில் நீரைத் தேக்க அவை தேவை. ஆனால் தெஹ்ரியில் ஒரு நகரமே மூழ்கியது. பயனோ வேறு ஊருக்குப் போகிறது. எனவே மக்களுக்கு முதலில் மறுவாழ்வு அளித்த பின்பே கட்ட வேண்டும்."

பாருங்கள், உதாரணங்கள் குறைந்தன, எடைபோடுவது அரை வாக்கியமானது, ஆனால் நிலைப்பாடு, இரு பக்கம், முடிவு எல்லாம் இருக்கின்றன. பெரிய விடையின் முதல் ஆறு வரியை மட்டும் எழுதி நிறுத்துவதைச் சுருக்கம் என்று சொல்ல முடியாது, எதிர்ப்பக்கம் வருவதற்குள் விடை முடிந்துவிடும்.

மதிப்புக் கேள்வி கொஞ்சம் வேறு

2013 போர்டு தேர்விலிருந்து சில ஆண்டுகள் எல்லாப் பாடத்திலும் மதிப்பு சார்ந்த கேள்வி என்று தனியாகவே வைத்தார்கள், கணக்கில்கூட. அந்தப் பெயர் பிறகு போய்விட்டது, கேள்வி போகவில்லை. இப்போது ஒரு சிறு பத்தியைக் கொடுத்து அதன் கீழ் வரும். உதாரணமாக: தெருவில் டேங்கர் லாரிக்கு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள், பக்கத்தில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவுகிறார். நீ என்ன செய்வாய்? உன் செயலில் வெளிப்படும் மதிப்புகள் எவை? இரண்டு மார்க், 40 சொல்.

இதற்கு வரும் விடைகள் பாதி சுவரொட்டி வாசகம் போலிருக்கும்: நீர் உயிர்நாடி, ஒவ்வொரு துளியும் விலைமதிப்பற்றது, நாம் அனைவரும் சேமிப்போம். கேட்டது "நீ என்ன செய்வாய்". ஒரு செயல் வேண்டும், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உண்மையிலேயே செய்யக்கூடிய செயல். அவர்மீது வழக்குப் போடுவேன் என்று எழுதுவதும் வேண்டாம்.

"வாளியும் துணியும் போதுமே என்று அவரிடம் மரியாதையாகச் சொல்வேன், கேட்காவிட்டால் குடியிருப்போர் சங்கத்திடம் தெரிவிப்பேன். குழாய்நீர் எல்லோருக்கும் பொதுவானது. பக்கத்தில் பிறர் தவிக்கும்போது வீணாக்காமல் இருப்பது பொறுப்புணர்வு, பகிர்ந்துகொள்வது சமநீதி."

செயல், அது பலிக்காவிட்டால் அடுத்த செயல், காரணம், மதிப்பின் பெயர். மதிப்பின் பெயரை மட்டும் வரிசையாக அடுக்குவார்கள்: நேர்மை, அன்பு, தேசப்பற்று, ஒற்றுமை. இரண்டு போதும், அதுவும் பத்தியில் நடப்பதோடு ஒட்ட வேண்டும். கார் கழுவுவதில் தேசப்பற்று எங்கே வந்தது?

கவனியுங்கள், இந்த விடையில் "மறுபக்கம்" இல்லை. கார்க்காரர் பக்கமும் நியாயம் இருக்கலாம் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. 2024 மே மாதக் கடைசியில் தில்லி அரசே குழாய் வைத்துக் கார் கழுவினால் 2000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. இதைவிடப் பெரிய விஷயங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தீண்டாமை, வரதட்சணை, ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி இவற்றைப் பற்றிக் கருத்துக் கேட்டால் "சிலர் இப்படியும் நினைக்கிறார்கள்" என்று நடுவில் நிற்பது நடுநிலை இல்லை. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது, அதில் இரண்டு பக்கம் கிடையாது. அங்கே எழுத்தின் பலம் வேறு இடத்தில் வர வேண்டும்: சட்டம் இருந்தும் ஏன் தொடர்கிறது, என்ன செய்யலாம் என்பதில்.

எங்கே இரு பக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று எப்படித் தெரியும்? நல்லெண்ணம் உள்ள இரண்டு பேர் ஒரே தகவலை வைத்துக்கொண்டு வேறு வேறு முடிவுக்கு வரக்கூடிய விஷயமா என்று கேளுங்கள். அணை அப்படிப்பட்டது. இந்தியும் ஆங்கிலமும் ஆட்சிமொழியாக இருப்பது, இட ஒதுக்கீட்டின் அளவு, மாநிலங்களுக்கு எவ்வளவு அதிகாரம் போன்றவையும் அப்படித்தான். மொழி, இட ஒதுக்கீடு போன்ற விஷயங்களில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் சூடாகவே எழுதுவார்கள், எனக்கும் சூடு உண்டு. கட்சிப் பெயர், இன்று பதவியில் இருக்கும் தலைவர் பெயர், "அவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்ற வரி, மூன்றையும் எடுத்துவிடச் சொல்வேன். இலங்கையில் 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டமும் அதன் விளைவும் பாடநூலிலேயே இருக்கின்றன. அதை அமைதியாக எடுத்துவைத்தால் கோபத்தைவிட அதிகம் பேசும்.

பிள்ளை எழுதியதைத் திருத்துவது

உங்கள் விடையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அவன் அப்படியே மனப்பாடம் செய்வான், அடுத்த தாளில் கேள்வி அணைக்குப் பதில் சுரங்கம் என்று வரும், கதை முடிந்தது. நடுவில் கோடு போட்டு இரு பக்கமும் எழுதிய குறிப்பையும் எடைபோடும் கேள்வியையும் மட்டும் அனுப்பி, விடையை அவனையே எழுதி உங்களுக்குப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் விடையைப் பிறகு காட்டுங்கள்.

அவன் விடை வந்ததும் மூன்று சோதனை. கேள்வியை மறைத்துவிட்டு விடையை மட்டும் படியுங்கள், கேள்வி என்னவென்று உங்களால் ஊகிக்க முடிகிறதா? "அணையின் பயன்கள் யாவை" என்பது போலத் தோன்றினால் விடை தடம் மாறிவிட்டது. அடுத்து கடைசி வாக்கியத்தை மறையுங்கள், அதற்கு முன்னால் இருப்பதைப் படித்து அந்த முடிவுக்கு நீங்களே வர முடிகிறதா? வர முடியவில்லை என்றால் எடைபோடும் வாக்கியம் இல்லை, முடிவு மேலிருந்து குதித்திருக்கிறது. கடைசியாக முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் "முழுமையாக ஏற்கிறேன்" என்று எழுதி, எழுத எழுத மனசு மாறி, கடைசியில் "எனவே அணைகள் கட்டக் கூடாது" என்று முடித்திருப்பான், இது அடிக்கடி நடக்கும். முழுவதையும் அழிக்க வேண்டாம், முதல் வாக்கியத்தில் ஒரு "ஓரளவு" சேர்த்துக் கடைசி வாக்கியத்தில் நிபந்தனையைப் போட்டால் சரியாகிவிடும். தேர்வறையில் முதல் வரியை எழுதும்முன் கடைசிப் பக்கத்துக் குறிப்பில் முடிவை எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

ஐந்துக்கு எத்தனை தரலாம் என்று சிவப்புப் பேனாவால் போட்டுத் திருப்பி அனுப்புங்கள், எதற்கு ஒரு மார்க் போனது என்று எந்த வாக்கியத்தின் பக்கத்திலாவது எழுதுங்கள். "நன்று, இன்னும் முயற்சி செய்" என்று மட்டும் எழுதினால் அவன் அதைப் படிக்கக்கூட மாட்டான்.